முஜாவர் கொடுத்த தீர்த்தம்: பாபா புடன்கிரி வழக்கில் 'வழக்கம்' என்ற சொல்

கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தில், சந்திரதுரோண மலைத்தொடரில் ஒரு குகைத் தலம் இருக்கிறது. இந்துக்கள் அதைத் தத்தாத்ரேயர் வீற்றிருந்த பீடமாகக் கருதுகின்றனர். இசுலாமியர்களுக்கு அது தாதா ஹயாத் மீர் கலந்தர் என்ற சூஃபி ஞானியின் இடம்; யேமனிலிருந்து காப்பி விதைகளைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாபா புடனின் பெயரும் அதனோடு சேர்ந்தே வழங்குகிறது. இருவரும் ஒருவரே என்று நம்பி வந்தோரும் உண்டு. லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியர், இரு சமயத்தாரும் இக்குகையைப் போற்றுவதைப் பதிவு செய்திருக்கிறது. அரசு ஆவணங்களில் இத்தலத்தின் பெயர் 'ஸ்ரீ குரு தத்தாத்ரேய பாபா புடன் சுவாமி தர்கா'. இப்பெயரில் குருவும் சுவாமியும் தர்காவும் ஒரே தொடரில் நிற்கின்றன.

ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல் இந்தப் பெயரே. 'தத்த பீடம்' என்று எழுதினாலும் 'தர்கா' என்று மட்டும் எழுதினாலும் தீர்ப்பு முதல் வரியிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. எனவே எந்த ஆவணம், எந்த ஆண்டில், எந்தப் பெயரை, எந்தத் தேவைக்காக வழங்கியது என்று பார்ப்பதே ஆய்வின் தொடக்கமாகிறது. பெயர் மாறும் இடங்களில் பெரும்பாலும் நிர்வாகமும் மாறியிருக்கும், அல்லது மாற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருக்கும்.

நீண்ட காலம் இத்தலம் சஜ்ஜாதா நஷீன் எனப்படும் பரம்பரைத் தலைவரின் பொறுப்பில் இருந்தது. அரசின் மேற்பார்வை முஸ்ராய் துறையிடம், அதாவது அறநிலையத் துறையிடம் இருந்தது. 1975-இல் அரசு இதை வக்ஃப் வாரியத்துக்கு மாற்றியது. அதை எதிர்த்து 1978-இல் பக்தர்கள் வழக்குத் தொடுத்தனர். 1980-இல் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றம், இது இரு சமயத்தாரும் போற்றும் தலம், வக்ஃப் சொத்து அன்று என்று முடிவு செய்தது. 1975 ஜூனுக்கு முன்பிருந்த வழக்கங்கள் தொடரவேண்டும் என்ற நிலையும் அதிலிருந்தே உருவானது. மேல்முறையீடுகள் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோதும் இந்த நிலை மாறவில்லை.

தீர்வு எளியது போலத் தோன்றியது: 1975-க்கு முன் என்ன நடந்ததோ அதுவே நடக்கட்டும். ஆனால் நடந்தது என்ன என்பதை யாரேனும் எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1989-இல் அறநிலைய ஆணையர் அதைப் பட்டியலிட்டார். பாதுகைக்கு மலர் சூட்டுதல், நந்தா விளக்கு ஏற்றுதல், வருவோர் அனைவருக்கும் தீர்த்தம் கொடுத்தல் ஆகியவை அதில் இடம்பெற்றன. இவற்றைச் செய்தவர் சஜ்ஜாதா நஷீனின் கீழிருந்த முஜாவர். இந்து பக்தர் ஒருவர் இசுலாமியர் கையால் தீர்த்தம் பெற்றுக்கொண்டு திரும்பினார் என்பதே பட்டியல் காட்டும் காட்சி.

பிற்காலச் சச்சரவு முழுவதும் இந்தப் பட்டியலின் இலக்கணத்திலிருந்து கிளைத்தது எனலாம். 'முஜாவர் தீர்த்தம் கொடுக்கிறார்' என்ற தொடரில் செயல் மட்டும் வழக்கமா, எழுவாயும் வழக்கத்தின் பகுதியா? 2018-இல் அன்றைய அரசு எழுவாயும் வழக்கமே என்ற வழியில் சென்று, முஜாவரே தொடர்வார் என்று ஆணையிட்டது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. இந்துக்கள் தம் முறைப்படி வழிபடும் உரிமையை அது பாதிக்கிறது. பாதுகை பூசையையும் விளக்கேற்றுதலையும் முஜாவர்மேல் சுமத்துவது அவருடைய சமயத்துக்கும் மாறானது என்பது நீதிமன்றத்தின் கருத்து. 2022-இல் தத்த ஜயந்திக்கு இந்து அர்ச்சகர்கள் அமர்த்தப்பட்டனர்.

இங்கே வரலாற்றாசிரியர் எது சரியான ஆணை என்று சொல்ல வருவதில்லை. இரண்டு ஆணைகளும் தமக்குள் வைத்திருக்கும் முற்கோள்களை வெளியே எடுத்து வைப்பதே அவர் பணி. முதல் ஆணை, ஒரு குறிப்பிட்ட காலத்தின் நடைமுறையை என்றைக்குமான விதியாக்குகிறது. அந்த நடைமுறையும் அதற்கு முந்திய ஒன்றிலிருந்து மாறி வந்ததாக இருக்கலாம் என்ற வாய்ப்பை அது மூடிவிடுகிறது. தீர்ப்போ, விளக்கேற்றுவது ஒரு சமயத்துக்கு உரியது, மற்றதற்கு அயலானது என்ற எல்லையை முன்கூட்டியே ஏற்கிறது. தலைமுறைகளாக அவ்விளக்கை ஏற்றியவர்கள் அதைத் தம் சமயத்துக்கு மாறானதாகக் கருதினார்களா என்பது தனி வினா. அதற்கு விடை சட்ட நூலில் கிடைக்காது. தலத்தின் பழைய மனுக்கள், மானியப் பதிவுகள், வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றில்தான் தேடவேண்டும்.

இத்தகைய தலங்களைப் பற்றி மானிடவியலில் எதிரெதிரான இரண்டு விளக்கங்கள் உண்டு. ராபர்ட் ஹேடன் 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், மகாராட்டிரத்தின் மடி என்ற ஊரிலுள்ள தலத்தையும் பால்கன் நாடுகளையும் ஒப்பிட்டு, பகிர்வு என்பது போட்டியின் ஒரு கட்டமே என்று வாதிட்டார். ஒரு தரப்பின் மேலாண்மை உறுதியாக இருக்கும்வரை அமைதி நிலவும். அது தளரும்போது மோதல் வெளிப்படும் என்பது அவர் கருத்து. கிளென் போமன் போன்றோர் இதை மறுத்தனர். தலத்துக்கு வருவோர் எப்போதும் இரண்டு அணிகளாக வருவதில்லை. அணிகளே பல நேரங்களில் சச்சரவின் போக்கில் உருவாகின்றன என்றனர்.

பாபா புடன்கிரியில் இவ்விரண்டையும் சோதிக்கலாம். ஹேடன் சொல்வது பொருந்துமானால், 1975-க்கு முந்திய ஆவணங்களிலும் அதிகாரம், நுழைவு, காணிக்கை பற்றிய உரசல்கள் சமய அடிப்படையில் தென்படவேண்டும். போமன் தரப்பு பொருந்துமானால், பழைய உரசல்கள் வேறு கோடுகளில், குடும்பத்துக்குள்ளோ நிலத்தைச் சுற்றியோ ஓடியிருக்கவேண்டும்; சமயக் கோடு பின்னர் தெளிவடைந்திருக்கவேண்டும். மனுவில் கையொப்பமிட்டவர் எந்த ஊரார், என்ன கேட்டார், தலத்தை எப்பெயரால் குறித்தார் என்ற மூன்றையும் ஆண்டுவாரியாக அடுக்கினாலே படம் துலங்கத் தொடங்கும். எந்த விடை வந்தாலும் அதை ஏற்பதாக முன்னரே வரையறுத்துக்கொள்வதுதான் இங்கே சார்பின்மை.

அதன் மற்றொரு பாதி, ஒரே அளவுகோல். தத்தாத்ரேயர் குகையில் மறைந்தார் என்பதும் தாதா ஹயாத் தொலைதேசத்திலிருந்து வந்தார் என்பதும் நம்பிக்கைக் கதைகள். ஒன்றைப் புராணம் என்று ஒதுக்கிவிட்டு மற்றொன்றை வரலாறு என்று எழுதுவது, எத்தரப்பிலிருந்து செய்யப்பட்டாலும், ஆய்வு ஆகாது. கதை எப்போது பதிவானது, யாரால் சொல்லப்பட்டது என்ற வினாக்களை இரண்டிடமும் ஒன்றுபோலக் கேட்கவேண்டும்.

ஆனால் இருதரப்புக்கும் பாதிப்பாதி என்று பங்கிடுவது சார்பின்மை ஆகாது. 1975-இன் மாற்றம் அரசின் செயல். தத்த ஜயந்தியை ஒட்டிய பெருந்திரள் அணிதிரட்டல் 1990-களின் இறுதியில் வலுப்பெற்றது. ஆவணம் தெளிவாகக் காட்டும் இவற்றை மழுப்பினால், மழுப்பலும் ஒரு சார்பாகிவிடும்.

ஆய்வாளரின் எழுத்தும் வழக்கிலிருந்து விலகி நிற்க முடியாது. அயோத்தி வழக்கில் வரலாற்றாசிரியர்களும் தொல்லியலாளர்களும் சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டனர். நாளை ஒரு முனைவர்பட்ட ஆய்வேட்டின் வரியும் 'வழக்கம் இதுவே' என்பதற்குச் சான்றாக வைக்கப்படலாம். அதனால்தான் 'முஜாவர் தீர்த்தம் கொடுப்பார்' என்று எழுதுவதற்கும், 'இன்ன ஆண்டில், இன்ன ஆவணத்தின்படி, முஜாவர் தீர்த்தம் கொடுத்தார்' என்று எழுதுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கிறது. முதல் வரியை எவரும் விதியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரு காலத்துக்கு மட்டும் சாட்சி சொல்கிறது.