மும்முனையா, த்ரீ ஃபேஸா?

டெக்னாலஜி பத்தி தமிழ்ல பேச உட்கார்ந்தாலே முதல்ல வர்ற கேள்வி இதுதான்: இந்த வார்த்தைக்குத் தமிழ்ல புதுசா ஒண்ணு உருவாக்கணுமா, இல்ல இங்கிலீஷ் வார்த்தையையே வச்சுக்கலாமா? கேள்விக்கு வயசு நூத்தைம்பதுக்கு மேல. இன்னைக்கு அதோட கதையில ரெண்டு பேரைப் பார்த்துட்டு, கடைசியா எங்க ஊர் பெருமுக்கல் பக்கத்துக் கிணத்து மோட்டார்ல அவங்க வழியைச் சோதிச்சுப் பார்ப்போம்.

முதல் ஆள் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷன் டாக்டர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவமும் சொல்லிக் கொடுத்தார். ஆரம்பத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்தில் வைத்தியம் பார்க்க ஆள் நிற்கவில்லை. அதனால் 1864-ல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அதாவது கிரீன் தமிழுக்கு வந்தது மொழிப்பற்றினால் மட்டும் இல்லை. படித்து முடித்தவர் எங்கே, யாரோடு பேசி வேலை செய்யப்போகிறார் என்பதை வைத்து எடுத்த முடிவு அது.

பாடம் தமிழ் என்றால் புத்தகமும் தமிழ். சொற்களுக்கு அவர் ஒரு வரிசை வைத்துக்கொண்டார். முதலில் தமிழில் ஏற்கனவே சொல் இருக்கிறதா என்று தேடுவது. நாட்டு வைத்திய நூல்களையும் சேர்த்துத்தான். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார்ப்பது. அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு வளைத்து எடுத்துக்கொள்வது.

இந்த வரிசை எப்படி வேலை செய்தது என்று அவர் புத்தகத் தலைப்புகளிலேயே தெரியும். அறுவை மருத்துவ நூலுக்குப் பெயர் 'இரண வைத்தியம்'. ரணம் என்றால் புண் என்று எல்லோருக்கும் தெரியும், விளக்கமே வேண்டாம். உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது புதுசு மாதிரி இருந்தாலும், பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று உடம்பை வரிசையாக வர்ணிக்கும் இலக்கிய வகைகளை அறிந்தவர்களுக்குக் காதில் பழகிய அச்சுதான். 1875-ல் வந்த வேதியியல் நூலுக்கு வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. அது அப்படியே கெமிஸ்ட்ரிதான், தமிழ் வாய்க்கு ஏற்ற மாதிரி முடித்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒரே ஆள், மூன்று வித முடிவு. தமிழ் மட்டும் என்றும் சொல்லவில்லை, ஆங்கிலமே போதும் என்றும் சொல்லவில்லை. அங்காதிபாதமும் கெமிஸ்தமும் இன்று பொதுப் புழக்கத்தில் இல்லை. நாம் உடற்கூறியல், வேதியியல் என்கிறோம். ஆனால் அவர் வகுப்பில் இருந்த மாணவருக்கு அந்தச் சொற்கள் அன்றைக்கு வேலை செய்தன.

ரெண்டாவது ஆள் நம்ம பக்கத்துக்காரர் மாதிரி. 1908-லிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதியார். அவருடையது வகுப்பறைச் சிக்கல் இல்லை, பத்திரிகைச் சிக்கல். ஒரு கட்டுரையில் 'மெம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுகிறார். அவயவி, அங்கத்தான் என்று போட்டுப் பார்க்கிறார், திருப்தி இல்லை. சபிகன் என்ற சொல் பொருளில் சரி, ஆனால் பொதுமக்களுக்குப் புரியாது என்று அதையும் விடுகிறார். அரை மணி நேரம் யோசித்தும் கிடைக்காமல், இப்போதைக்கு மெம்பர் என்றே எழுதுகிறேன், பிறகு நல்ல சொல் தேடிச் சொல்கிறேன் என்று வாசகரிடமே சொல்லிவிடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது சபிகனைத் தள்ளிய காரணம். சொல் சரியானது; வாசகருக்குச் சேராது. இந்த ரெண்டும் தனித்தனிச் சோதனை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னாடி 'உறுப்பினர்' வந்தது, ரெண்டு சோதனையிலும் தேறியது. இன்று அதை யாரும் புதுச்சொல் என்று நினைப்பதுகூட இல்லை.

இப்போ எங்க ஊருக்கு வருவோம். பெருமுக்கல், திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற ரோட்டுல இருக்கு. இந்தப் பக்கம் விவசாயம் பண்றவங்க 'த்ரீ ஃபேஸ் எப்போ வரும்?'னு கேப்பாங்க. அதே விஷயம் செய்தித்தாள்ல 'மும்முனை மின்சாரம்'. இயற்பியல் பாடப்புத்தகத்துல ஃபேஸுக்கு 'கட்டம்'. ஒரே பொருளுக்கு மூணு சொல். எதை எடுக்கிறது?

'விவசாயத்துக்கு இத்தனை மணி நேரம் மும்முனை மின்சாரம்' என்று செய்தி சொன்னால் மும்முனை போதும். மூன்று கம்பி வருகிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு உடனே புரியும். ஆனால் ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் ஏன் எரிகிறது என்று விளக்கப் போனால், அதே சொல் குழப்பும். முனை என்றால் மூன்று வாய் வழியாக மின்சாரம் ஊற்றுகிற மாதிரி ஒரு படம் மனதில் வரும். அப்போ ஒரு வாய் அடைத்தால் மூணுல ரெண்டு பங்கு வேகத்தில் ஓட வேண்டியதுதானே?

ஓடாது. மூன்று கம்பியிலும் மின்சாரம் ஏறி இறங்குவது ஒரே நேரத்தில் இல்லை. ஒரு சுற்றை மூன்றாகப் பங்கிட்டு, ஒன்று உச்சிக்குப் போய் மூன்றில் ஒரு பங்கு நேரம் கழித்து அடுத்தது உச்சிக்குப் போகும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் இந்த இடைவெளி நொடியில் 150-ல் ஒரு பங்கு. மோட்டாருக்குள் வட்டமாக வைத்த காயில்கள் இப்படி முறை போட்டு இழுப்பதால்தான் காந்த இழுப்பு வட்டமாகச் சுற்றுகிறது. ஏரித் தண்ணியை முறை வச்சுப் பாய்ச்சுற மாதிரின்னு சொன்னா கிராமத்துல யாருக்கும் சட்டுன்னு பிடிபடும்.

ஒரு கம்பி போய்விட்டால் மிச்சம் ரெண்டும் சேர்ந்து ஒரே சர்க்யூட் ஆகிவிடும். முறை இல்லை, வட்டம் இல்லை. இழுப்பு முன்னும் பின்னும் மட்டும் ஆடும். நின்ற மோட்டாரைப் போட்டால் 'உம்ம்'னு உறுமும், சுத்தாது, காயில் சூடாகிக் கருகும். அந்த உறுமல் கேட்டதும் நிறுத்தினால் மோட்டார் பிழைக்கும். நிறுத்தாவிட்டால் காயில் கட்டும் செலவு.

இந்த விளக்கத்துக்கு நான் ஃபேஸ் என்ற சொல்லையே வைத்துக்கொள்வேன். மெக்கானிக் அதைத்தான் சொல்வார், கடையில் பாதுகாப்புக் கருவி கேட்டாலும் அந்தப் பேரில்தான் கிடைக்கும். கட்டம் என்றால் ஜாதகக் கட்டமோ, 'முதல் கட்டமாக'வோதான் நினைவுக்கு வரும். ஆனால் சொல்லை மட்டும் அப்படியே விட்டால் அது வெறும் சத்தம். அதனால் முதல் தடவை வரும்போதே 'ஃபேஸ், அதாவது மின்சாரம் முறை போட்டு வர்றது'ன்னு அர்த்தத்தைத் தமிழ்ல கொடுத்துடுவேன்.

கிளாஸ்ல பேசினா கட்டம்தான். அந்தப் பையன் பரிட்சையில 'கட்ட வேறுபாடு'ன்னு எழுதணும். கிரீன் மாணவரைப் பார்த்தார், பாரதியார் பத்திரிகை வாசகரைப் பார்த்தார். சொல்லைக் கேட்டவர் அடுத்து அதை யார்கிட்ட போய்ச் சொல்லப்போறார்னு பார்த்தா, பாதி முடிவு அங்கேயே வந்துடுது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.