கூடலூரில் நேசமணிக்கு லாசர் என்று பெயர்

2019 மே மாதக் கடைசியில் ஃபேஸ்புக்கில் ஒரு சுத்தியலின் படம் வந்தது. போட்டது பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட, கட்டடப் பொறியியல் படிப்பவர்களுக்கான ஒரு பக்கம். உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். பல நாட்டுக்காரர்களும் அவரவர் மொழியில் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதினார். இதன் பெயர் சுத்தியல், எதையாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் அரண்மனையில் பெயின்டர் நேசமணியின் தலையை அவர் உறவுக்காரப் பையன் இதனால்தான் உடைத்துவிட்டான், பாவம் மனுஷன் என்று ஆங்கிலத்தில், முகம் மாறாமல்.

அதைப் படித்த இன்னொரு தமிழர், இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கேட்ட தொனியும் அதே நிதானம்தான். ஓரிரு நாளில் விஷயம் ட்விட்டருக்குப் போனது. #Pray_for_Neasamani என்று, ஆங்கில எழுத்தில் பெயரைப் பிழையாக எழுதிய ஒரு ஹேஷ்டேக், மே 29 இரவிலும் 30 அன்றும் இந்தியாவில் முதலிடத்துக்கு ஏறியது. மே 30 நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவி ஏற்ற நாள். டெல்லி ராஷ்டிரபதி பவனை நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்குச் சமமாக ஒரு பெயின்ட் காண்ட்ராக்டரின் உடல்நிலையும் ஓடிக்கொண்டிருந்தது. யார் இந்த நேசமணி என்று வடக்கே பத்திரிகைக்காரர்கள் தேட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்விக்கான பதில் இருபது வருடம் பின்னால், கேரளத்தில் தொடங்குகிறது. 1999-இல் சித்திக் இயக்கிய ‘ஃப்ரண்ட்ஸ்’ என்ற மலையாளப் படம். ஜெயராம், முகேஷ், ஸ்ரீனிவாசன் மூவரும் நண்பர்கள். ஜகதி ஸ்ரீகுமார் அதில் லாசர் எளயப்பன். அதே சித்திக் அதே கதையைத் தமிழில் எடுக்க, 2001 பொங்கலுக்கு விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணாவோடு ‘ஃப்ரண்ட்ஸ்’ வெளியானது. ஜகதியின் இடத்தில் வடிவேலு வந்தார், லாசர் நேசமணி ஆனார். ஒரு கிறிஸ்தவப் பெயருக்கு, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பழகிய இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியை நினைத்துக்கொண்டால் அந்தப் பெயரின் ஊர் தெரியும். யோசித்துச் செய்த மாற்றம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

காட்சி எளிமையானது. பெரிய அரண்மனைக்கு வெள்ளையடிக்க ஆட்களோடு வருகிறார் காண்ட்ராக்டர். வேலை தெரியாத கூட்டம். சுவரில் இருக்கும் தேவையில்லாத ஆணிகளைப் பிடுங்கச் சொல்கிறார். எது தேவையான ஆணி, எது தேவையில்லாதது என்று கேட்டுக் கேட்டே அவரை வாட்டி எடுக்கிறார்கள். கடைசியில் மேலே நிற்கும் கிருஷ்ணமூர்த்தி, அதாவது ரமேஷ் கண்ணா, கையிலிருந்து நழுவ விடும் சுத்தியல் அவர் தலையில் விழுகிறது. ஆங்கிலப் பதிவில் கூறப்பட்ட விபத்து இதுதான்.

ஆனால் 2001-க்கும் 2019-க்கும் நடுவில் இந்தக் காட்சி சும்மா கிடக்கவில்லை. டிவியில் நகைச்சுவைத் தொகுப்புகளில் ஓடி ஓடி, படத்தை முழுதாகப் பார்க்காத பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆனது. அதைவிடப் பெரிய வேலையை அந்த ஆணி செய்தது. “ஆபீஸ்ல ஆணி அதிகம்”, “ஆணி புடுங்கிட்டு இருக்கேன்” என்றால் வேலை நெருக்கடி என்று பொருள். தமிழ் வலைப்பதிவுக் காலத்திலேயே மென்பொருள்காரர்கள் இப்படித்தான் எழுதினார்கள். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘புடுங்குறது’ என்பது களை புடுங்குவதும்தான், ஒருவனைப் பார்த்து “நீ என்ன புடுங்கின?” என்று கேட்பதும்தான். இரண்டாவதில் கேட்பவன் எதிராளியின் உழைப்பையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறான், கொஞ்சம் கெட்ட வார்த்தை வாடையோடு. படத்தில் நேசமணி ஆணியைத்தான் சொல்கிறார், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. வீட்டில் அம்மா முன்னால் சொல்லலாம், மேலாளர் முன்னால் முணுமுணுக்கவும் செய்யலாம்.

ஆக, 2019-இல் சுத்தியல் படத்தைப் பார்த்த தமிழருக்கு அது வெறும் சுத்தியலாக இருக்க வழியே இல்லை. வடிவேலு அப்போது படங்களில் நடிக்காமல் இருந்த காலம் வேறு. ‘இம்சை அரசன்’ இரண்டாம் பாகச் சிக்கலால் வாய்ப்புகள் நின்றிருந்தன. திரையில் காணாத முகம், மீம்களில் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. கற்பனைப் பாத்திரத்துக்காகப் பிரார்த்தனை செய்தவர்களில் பலர் உள்ளூர அந்த நடிகரையே நலம் விசாரித்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

இந்த மீமை விளக்குவது எங்கள் நீலகிரி மலையில் பழகிய வேலை. கோத்தகிரியில் படகா பேசும் வீட்டில் விளக்கம் தேவைப்படாது, தமிழ்ப்படம் அவர்கள் வளர்ந்த படம். இலங்கையிலிருந்து திரும்பி வந்து டான்டீ தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தேவைப்படாது. வெலிங்டனில் தேவைப்படும். அங்கே முப்படை அதிகாரிகள் கல்லூரிக்கு இந்தியாவின் எல்லா மாநிலங்களிலிருந்தும் நட்பு நாடுகளிலிருந்தும் வந்து குடும்பத்தோடு தங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கிறார், நமக்குப் புரியவில்லை என்ற நிலை அவர்களுக்கு அடிக்கடி வரும்.

அப்படி ஒரு இந்திக்காரக் குடும்பத்துக்கு இதைச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ‘ஆணி’ என்றால் இந்தியில் கீல், ‘புடுங்கு’ என்றால் இழு, ஆனால் இன்னொரு அர்த்தமும் உண்டு என்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், சிரிக்க மாட்டார். இரண்டாவது தப்பு, கதையை முழுதாகச் சொல்வது. அரண்மனை, நண்பர்கள், காதல் என்று போய்ச் சுத்தியல் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

சரியான வழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். முதலில் காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும், மொழிபெயர்க்காமல். தலையில் சுத்தியல் விழுவதற்கு மொழி வேண்டாம், வடிவேலுவின் உடம்பே சொல்லிவிடும். அதற்குப் பிறகு, பாகிஸ்தான் பக்கத்தின் கேள்வியையும் அதற்குத் தமிழர் எழுதிய பதிலையும் படித்துக் காட்ட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் நகைச்சுவை. பதினெட்டு வருடம் முன்பு ஒரு படத்தில் நடந்த விபத்தை, முந்தாநாள் நடந்ததுபோல ஒரு பொறியாளர் வெளிநாட்டுக்காரர்களிடம் வருத்தத்தோடு தெரிவிக்கிறார். ஆணி விஷயம் இங்கே வேண்டவே வேண்டாம், அதைப் பிறகு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை விட்டால் மீம் பாதிதான் போய்ச் சேரும். அந்த இரண்டு நாளில் “நேசமணி யார்?” என்று கேட்டவர்களுக்குத் தமிழர்கள் உண்மையைச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை நடக்கிறது, நினைவு திரும்பிவிட்டது, சுத்தியலைக் கைப்பற்றினார்கள், கிருஷ்ணமூர்த்தி விசாரணையில் இருக்கிறார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் செய்தி வெளியிட்டார்கள். தெரியாதவர் கவலைப்படக் கவலைப்பட மீம் வளர்ந்தது. அதாவது, புரியாமல் கேட்டவரும் அந்த விளையாட்டில் ஓர் ஆட்டக்காரர். பெரிய ஊடகங்கள் அடுத்த நாளே ஆங்கிலத்தில் தெளிவாக விளக்கிவிட்டன, படத்தின் பெயர், ஆண்டு, நடிகர் எல்லாம் சரியாக இருந்தன. விளக்கம் பரவிய வேகத்தில் ஹேஷ்டேக்கின் வேகமும் இறங்கியது. கேட்க ஆள் இல்லாவிட்டால் பொய் சொல்ல ஆள் எதற்கு?

விளக்கம் பலித்ததா என்று தெரிந்துகொள்ளச் சிரிப்பை எண்ண வேண்டியதில்லை. கேட்டவர் முகத்தை நிதானமாக வைத்துக்கொண்டு, “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டால் முடிந்தது. அவர் உள்ளே வந்துவிட்டார்.

கூடலூருக்கு இறங்கினால் இந்த முறை எதுவும் செல்லாது. ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் 1877 வரை அது மலபார் மாவட்டத்து வயநாடு. இன்றும் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் வரும், மைசூர் பக்கத்துக் கன்னடமும் காதில் விழும். அங்கே ஒரு மலையாளியிடம் நேசமணியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் பாதியில் நிறுத்திவிடுவார். “நம்ம லாசர் எளயப்பன் அல்லே!” அவ்வளவுதான். காட்சியைக் காட்ட வேண்டாம். அவருக்கு அது 1999-இலேயே தெரியும். மீம்களை ‘ட்ரோல்’ என்று சொல்லும் கேரளத்தில், ஜகதியின் முகம் செய்யும் வேலையை இங்கே வடிவேலுவின் முகம் செய்கிறது. 2012 மார்ச்சில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு ஜகதியும் திரையை விட்டு ஏறக்குறைய விலகிவிட்டவர். இரண்டு மொழிக்காரர்களும், நடிப்பதைக் காண முடியாத நடிகரைப் படத்துண்டுகளில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அங்கே விளக்கம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். ஆங்கிலப் பதிவில் சுத்தியலைப் போட்டவனுக்கு ‘நெஃப்யூ’ என்று இருந்தது. அக்கா மகனா, அண்ணன் மகனா? ஆங்கிலம் சொல்லாது. மலையாளி சொல்லுவார். எளயப்பன் என்றால் இளைய அப்பன், நம் சித்தப்பா. உறவு பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சுத்தியலைப் போட்டவன் அண்ணன் மகன், முறைப்படி அவரும் அவனுக்கு ஒரு தகப்பன். தகப்பன் தலையில் மகன் சுத்தியலைப் போட்ட கதை அது. இத்தனை வருடம் பார்த்துச் சிரித்த காட்சியில் இதை நாம் கவனித்திருக்க மாட்டோம். அடுத்து அவர் ஜகதி அந்த அடியை எப்படி வாங்குகிறார் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். நாமும் விடாமல் வடிவேலு எப்படி வாங்குகிறார் என்று காட்டுவோம்.