ஹவுஸ் ஓனர் பான் எண் தர மாட்டேங்கிறாரா? எச்ஆர்ஏ வாடகை ரசீதில் என்ன எழுத வேண்டும், உறுதிமொழி எப்படி இருக்க வேண்டும்?

ஜனவரி வந்துவிட்டால் போதும், "வாடகை ரசீது, ஓனர் பான் நம்பர் இரண்டையும் அனுப்புங்க" என்று அலுவலகத்தில் இருந்து மெயில் வந்துவிடும். பலரும் கடைசி நாளில் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாதிரி ரசீதை நிரப்பி அனுப்புகிறார்கள். அது திரும்பி வந்தால் மார்ச் சம்பளத்தில் வரி மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள்.

2025-26 நிதியாண்டில் வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு பழைய வரி முறையைத் தேர்வு செய்தவர்களுக்கு மட்டும்தான். புதிய முறையில் இருப்பவர் ரசீது கொடுத்தும் பலன் இல்லை.

எவ்வளவு மிச்சமாகும்?

சென்னை வேளச்சேரியில் மாதம் 15,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 40,000, எச்ஆர்ஏ 16,000 ரூபாய். மூன்று தொகைகளைப் பார்த்து, எது குறைவோ அதற்குத்தான் விலக்கு தருவார்கள். ஆண்டு முழுவதும் வாங்கிய எச்ஆர்ஏ 1,92,000 ரூபாய். கொடுத்த வாடகையான 1,80,000-ல் சம்பளத்தின் 10 சதவீதமான 48,000-ஐக் கழித்தால் 1,32,000. சென்னை என்பதால் சம்பளத்தில் பாதி, அதாவது 2,40,000. இதில் குறைந்தது 1,32,000 ரூபாய். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸையும் சேர்த்து 27,456 ரூபாய் மிச்சம்.

ரசீதில் என்ன எழுத வேண்டும்?

வாடகை ரசீதுக்கென்று வருமான வரிச் சட்டத்தில் தனிப் படிவம் எதுவும் கிடையாது. யார், யாருக்கு, எந்த வீட்டுக்கு, எந்த மாதத்துக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுத்தார் என்ற ஆறு கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தால் போதும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"சென்னை வேளச்சேரி, ........ தெரு, கதவு எண் ....-ல் உள்ள எனது வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் திரு./திருமதி ........ அவர்களிடம் இருந்து, 2025 டிசம்பர் மாத வாடகையாக ரூ.15,000 (ரூபாய் பதினைந்தாயிரம் மட்டும்) வங்கிப் பரிமாற்றம் மூலம் 05.12.2025 அன்று பெற்றுக்கொண்டேன். வீட்டு உரிமையாளர் பெயர், முகவரி, பான் எண், கையெழுத்து."

இதில் 'வாடகையாக' என்ற சொல் முக்கியம். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் மெயின்டனன்ஸ் 2,000 ரூபாயையும் சேர்த்து 17,000 என்று ரசீது வாங்கிவிடுகிறார்கள். மெயின்டனன்ஸும் கரன்ட் பில்லும் வாடகை ஆகாது. வாடகை ஒப்பந்தத்தில் 15,000 என்றும் ரசீதில் 17,000 என்றும் இருந்தால் கணக்குப் பிரிவில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அட்வான்ஸ் தொகையும் அப்படித்தான். அது திரும்பி வரவேண்டிய பணம் என்பதால் வாடகைக் கணக்கில் வராது. காலி செய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டால், "முன்பணத்தில் இருந்து ஈடுசெய்யப்பட்டது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதத்துக்கு வங்கிக் கணக்கில் எந்தத் தடயமும் இருக்காது.

ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் படும்படி ஓனர் கையெழுத்துப் போட வேண்டும். 12 மாத ரசீதையும் ஒரே நாளில், ஒரே பேனாவில் எழுதி வாங்குவது பலரும் செய்வதுதான். டிசம்பர் ரசீதில் ஏப்ரல் தேதி இருந்தால் சமாளிப்பது கஷ்டம்.

பான் எண் எப்போது கட்டாயம்?

ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணை நிறுவனத்திடம் தர வேண்டும். இங்கேதான் ஒரு குழப்பம். மாதம் 8,333 ரூபாய் என்ற கணக்கைப் பலர் சொல்வார்கள். வரம்பு மாதத்துக்கு அல்ல, ஆண்டு மொத்தத்துக்குத்தான். மாதம் 12,000 ரூபாய் வாடகையில் ஆகஸ்டில் குடிவந்து மார்ச் வரை இருந்தால் 8 மாதத்துக்கு 96,000 ரூபாய்தான் ஆகும், பான் தேவையில்லை. அதற்காக 15,000 கொடுத்துவிட்டு 8,300 என்று ரசீது போடுவது பொய்க் கணக்கு. வேளச்சேரி ஊழியர் அப்படிச் செய்தால் விலக்கும் 51,600 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

ஓனரிடம் உண்மையிலேயே பான் இல்லை என்றால், அவரிடம் உறுதிமொழி வாங்கித் தரலாம்:

"மேற்கண்ட முகவரியில் உள்ள வீட்டின் உரிமையாளரான நான், திரு./திருமதி ........ அவர்களிடம் இருந்து 01.04.2025 முதல் 31.03.2026 வரையிலான காலத்துக்கு மாதம் ரூ.15,000 வாடகை பெறுகிறேன். எனக்கு இதுவரை நிரந்தரக் கணக்கு எண் (பான்) வழங்கப்படவில்லை என்று உறுதி அளிக்கிறேன். பெயர், தற்போது வசிக்கும் முகவரி, தேதி, கையெழுத்து."

'வழங்கப்படவில்லை' என்பதற்குப் பதில் 'தர விருப்பமில்லை' என்று எழுதினால் அது செல்லாது. பான் வைத்திருப்பவர் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் அது தவறான அறிக்கை. அந்தக் காகிதத்தை நம்பி விலக்கு வாங்கியவர்தான் பிறகு வருமான வரித்துறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓனர்கள் தயங்கக் காரணம் வரி பயம்தான். ஆனால் வாடகை முழுவதற்கும் வரி கிடையாது. 1,80,000 ரூபாயில் அவர் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதமும் கழியும். வேறு பெரிய வருமானம் இல்லாத வயதான ஓனராக இருந்தால் அவருக்கு வரியே வராமல் போகலாம். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பலர் இறங்கி வருகிறார்கள்.

ஊழியரின் உறுதிமொழி

நிறுவனத்திடம் தரும் படிவம் 12பிபி-யில் வாடகைத் தொகை, ஓனரின் பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றை நிரப்பி, விவரங்கள் முழுமையானவை, சரியானவை என்று கையெழுத்துப் போட வேண்டும். சில நிறுவனங்கள் தனிக் கடிதமும் கேட்கும். அதில் இரண்டு வரி இருந்தால் போதும்: "இந்த வீடு எனக்குச் சொந்தமானது அல்ல. இதில் நான் உண்மையாகவே குடியிருந்து, மேற்சொன்ன வாடகையைச் செலுத்தி வருகிறேன்." சட்டம் விலக்கை மறுப்பது இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான்: குடியிருப்பது சொந்த வீடாக இருப்பது, வாடகையே கொடுக்காமல் இருப்பது.

அப்பா, அம்மாவுக்கு வாடகை கொடுக்கலாமா?

வீடு அவர்கள் பெயரில் இருந்து, பணம் உண்மையிலேயே அவர்கள் கணக்குக்குப் போனால் கொடுக்கலாம். அவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். 2017-ல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்துக்கு வந்த ஒரு வழக்கில், தாய்க்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாகச் சொன்னவருக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ரசீது இருந்தும், அந்த வீட்டில் குடியிருந்ததற்கான ஆதாரம் இல்லை.

ஊழியர் காட்டிய வாடகையும், ஓனர் கணக்கில் இருக்கும் வாடகையும் ஒத்துப்போகாத சில வழக்குகள் தெரியவந்ததாக மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரலில் சொன்னது. பான் எண் வழியாக இந்த ஒப்பீடு சுலபம். பொய்யான விவரம் என்று முடிவானால், தப்பித்த வரியின் இரு மடங்கு வரை அபராதம் உண்டு.

கெடு தேதி தாண்டிவிட்டால்?

நிறுவனம் வாங்க மறுத்தாலும் விலக்கு போய்விடாது. பழைய வரி முறையைத் தேர்வு செய்து, கடைசித் தேதிக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம். பிடித்த வரி ரீஃபண்டாக வரும். ரசீதுகளையும் வங்கி ஸ்டேட்மென்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால் கேட்பது அவற்றைத்தான்.