‘இவ்ளோ செலவு பண்ணிட்டோமே!’ விட்டதைப் பிடிக்கப் போய் இருப்பதையும் விடுவது ஏன்? சங்க் காஸ்ட் ஃபாலஸி ஒரு விளக்கம்

நஷ்டம்னு தெரிஞ்சும் ஒரு திட்டத்துக்கு மேனேஜர்கள் மேலும் மேலும் பணம் கொட்டுவது ஏன்? கணக்கு தெரியாததால் இல்லை. எந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

சங்க் காஸ்ட் என்றால் என்ன?

செலவாகி, இனி எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராத பணம்தான் சங்க் காஸ்ட். தமிழில் ‘மூழ்கிய செலவு’ எனலாம். அந்தப் பணத்தை நினைத்து அடுத்த முடிவை எடுப்பதுதான் சங்க் காஸ்ட் ஃபாலஸி.

விருத்தாசலம் சூளைக் கணக்கு

அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று பீங்கான் பொருட்களுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம். அங்கே ஒரு யூனிட் டீ கப் தயாரிக்கப் புதுச் சூளை போடுவதாக வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்குதான்.

இதுவரை செலவு 40 லட்சம். சூளை இன்னும் முடியவில்லை, முடிக்க 15 லட்சம் வேண்டும். அதற்குள் வெளியூர் கப் மலிவாக வந்துவிட்டது. இனி மண், கேஸ், கூலி எல்லாம் போக மொத்தமாக 12 லட்சம்தான் கைக்கு வரும். இப்போதே நிறுத்தி இருப்பதை விற்றால் 6 லட்சம் கிடைக்கும்.

தொடர்ந்தால் 15 போட்டு 12 வரும், 3 லட்சம் நஷ்டம். நிறுத்தினால் 6 லட்சம் கையில். அதாவது நிறுத்துவதே 9 லட்சம் லாபகரமானது. இதில் 40 லட்சம் எங்கேயும் வரவில்லை பாருங்க. தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் அது போனது போனதுதான்.

ஆனால் ஒரு விஷயம். 12-க்குப் பதில் 30 லட்சம் வரும் என்றால் முடிப்பதுதான் சரி. மொத்தக் கணக்கில் அப்போதும் 25 லட்சம் நஷ்டம்தான். ஆனால் நிறுத்தினால் நஷ்டம் 34 லட்சம் ஆகும். எனவே ‘நஷ்டமா, உடனே மூடு’ என்பதும் தப்பு. இனி போடுவது எவ்வளவு, இனி வருவது எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி.

இவ்வளவு எளிது என்றால் ஏன் தவறுகிறார்கள்?

1976-ல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பிசினஸ் படிக்கும் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கம்பெனியின் இரண்டு பிரிவுகளில் ஒன்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பிறகு, ‘நீங்க தேர்ந்தெடுத்த பிரிவு சரியாப் போகலை’ என்று சொல்லி, இன்னொரு 2 கோடி டாலரைப் பிரித்துத் தரச் சொன்னார். தோற்ற பிரிவுக்கே சராசரியாகச் சுமார் 1.3 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்தார்கள். முதல் முடிவை வேறொருவர் எடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களோ அதைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள்.

அதாவது பிடித்து வைப்பது போன பணம் மட்டும் இல்லை. ‘என் முடிவு தப்பு’ என்று ஒத்துக்கொள்ள முடியாததும்தான்.

நானோ கார் சொல்வது என்ன?

2008-ல் ரத்தன் டாடா அறிமுகப்படுத்திய ‘1 லட்ச ரூபாய் கார்’ நானோ. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அவருக்குப் பின் தலைவரான சைரஸ் மிஸ்திரி, 2016 அக்டோபரில் பதவி நீக்கப்பட்டதும் இயக்குநர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நானோவின் நஷ்டம் ஒரு கட்டத்தில் 1,000 கோடி ரூபாயைத் தொட்டது, லாபத்துக்கு வழியே தெரியவில்லை, உணர்வுபூர்வமான காரணங்களால்தான் மூடவில்லை என்பது அதிலுள்ள அவரது வாதம். கடிதத்தின் குற்றச்சாட்டுகளை டாடா சன்ஸ் மறுத்தது. 2018 ஜூனில் தயாரானது ஒரே ஒரு நானோதான்.

அந்தக் காரைத் தொடங்கியவர் மிஸ்திரி இல்லை என்பதைக் கவனியுங்க. வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு நஷ்டம் நேராகத் தெரிகிறது. ஆனாலும் மூடும் முடிவு அவருக்கும் எளிதாக இல்லை.

தப்பிப்பது எப்படி?

1985-ல் இன்டெல் நிறுவனத்தின் மெமரி சிப் தொழில் ஜப்பான் போட்டியில் சரிந்துகொண்டிருந்தது. அப்போது ஆண்டி குரோவ், தலைவர் கோர்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார். நம்மைத் தூக்கிட்டு வேற ஒருத்தரைக் கொண்டு வந்தா அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டு வெளியே வருவார் என்றார் மூர். அதை நாமே ஏன் செய்யக் கூடாது என்றார் குரோவ். செய்தார்கள்.

சூளைக்கும் இதே வழிதான். வேலை தொடங்கும் முன்பே எல்லையை எழுதி வைக்கலாம்: ‘6 மாதத்தில் 100 கப்புக்கு 80 தேறலைன்னா நிறுத்தணும்’. தொடர்வதா என்ற முடிவைச் சூளை போடச் சொன்னவரிடம் மட்டும் விடாமல் வேறொருவரிடம் கொடுக்கலாம். மீட்டிங்கில் ‘இன்னும் கொஞ்சம்தான் பாக்கி’ என்ற பேச்சு வந்து, அதோடு வரவுக் கணக்கு வரவில்லை என்றால் உஷார். அங்கே பேசுவது போன 40 லட்சம்தான்.