நீராவி, மேகப் பின்னூட்டங்கள்

புவி சற்றுச் சூடானால் காற்றில் நீராவி கூடுகிறது. மேகங்களின் அளவும் உயரமும் மாறுகின்றன. இம்மாற்றங்கள் வெப்பத்தைத் திரும்பப் பாதிப்பதையே நீராவிப் பின்னூட்டம், மேகப் பின்னூட்டம் என்கிறோம். கரியமில வாயு இரட்டிப்பானால் அதனால் மட்டும் ஏறக்கூடிய வெப்பநிலை சுமார் 1.2 டிகிரி செல்சியஸ். அறிவியலாளர்கள் எதிர்பார்ப்பதோ 3 டிகிரி அளவு. மீதியில் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்தும் வருகிறது.

நீராவி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் 1856இல் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, ஈரக்காற்று வறண்ட காற்றைவிட அதிகம் சூடாவதைக் கண்டார். இலண்டனில் ஜான் டின்டால் 1859இல் தொடங்கிய சோதனைகள் அதன் காரணத்தைக் காட்டின. நைட்ரஜனும் ஆக்சிஜனும் தடுக்காமல் விடுகிற அகச்சிவப்புக் கதிர்களை நீராவி உறிஞ்சிக்கொள்கிறது. சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் 1896இல் அடுத்த அடியை வைத்தார். கரியமில வாயு காற்றைச் சூடாக்கும்போது நீராவியும் கூடும் என்பதைத் தம் நீண்ட கைக்கணக்கில் சேர்த்துக்கொண்டார். பின்னூட்டத்தை எண்ணில் எழுதிய முதல் முயற்சி அதுதான்.

ஆனால் நீராவியே முதன்மையான பசுங்குடில் வாயு என்றால், கரியமில வாயுவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காற்றில் நீராவி தங்கும் காலம் சராசரியாக ஒன்பது பத்து நாட்களே. அளவுக்கு மேல் சேர்ந்தால் குளிர்ந்து மழையாகிவிடும். ஆகவே தன்னிச்சையாக அதன் அளவு ஏறி நிற்க முடியாது. எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதைக் காற்றின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. ஒரு டிகிரி ஏறினால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். வெப்பத்தைத் தொடங்கிவைப்பது நூற்றாண்டுகள் நீடிக்கும் கரியமில வாயு; அதைப் பெருக்குவது நீராவி.

இந்தப் பெருக்கம் கட்டுக்கடங்காமல் போய்விடாதா என்ற கேள்வி 1960களில் உண்மையாகவே எழுந்தது. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் மொல்லர் 1963இல் தரைமட்டத்தின் வெப்ப வரவு செலவை மட்டும் பார்த்துக் கணக்கிட்டார். நீராவியைச் சேர்த்ததும் வெப்ப உயர்வு ஏறத்தாழ 10 டிகிரி வரை போய் நின்றது. காற்று மேலும் கீழும் கலந்து, தரையின் வெப்பத்தை உயரே கொண்டுபோவதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது. ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்று பணியாற்றிய சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்டுடன் சேர்ந்து 1967இல் முழுக் காற்றுத் தூணையும் கணக்கில் எடுத்தார். காற்றிலுள்ள நீராவியின் மொத்த அளவை மாற்றாமல் வைத்தபோது இரட்டிப்புக்கு 1.3 டிகிரி வந்தது. ஒப்பு ஈரப்பதத்தை மாறாமல் வைத்து, வெப்பத்தோடு நீராவி ஏற விட்டபோது 2.4 டிகிரி. காலநிலை அறிவியலில் இத்தனை எளிமையாக ஓர் உண்மையைத் திறந்துகாட்டிய கணக்கு வேறு அரிது. மனாபேவுக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எல்லை இருப்பதற்குக் காரணம், சூடான பொருள் அதிகமாகக் கதிர்வீசும் என்பதே. புவி ஒரு டிகிரி சூடானால் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் விண்வெளிக்குக் கூடுதலாக 3.2 வாட் போகும். அதில் சுமார் 1.3 வாட்டை நீராவி மறித்துக்கொள்கிறது. உயரத்துக்கேற்ப வெப்பநிலை குறையும் விதம் மாறுவதையும் சேர்த்த நிகரக் கணக்கு இது. மறித்தது போக மிச்சம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் ஏற்றம் ஓரிடத்தில் நின்றுவிடும்.

கணக்கு சரிதானா என்பதை ஓர் எரிமலை சோதித்துக் காட்டியது. பிலிப்பைன்ஸின் பினாடுபோ 1991 ஜூனில் வெடித்து, கந்தகத் துகள்களை அடுக்கு மண்டலத்தில் பரப்பியது. அவை வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்ப, அடுத்த ஆண்டுக்குள் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. குளிர்ந்தால் நீராவி குறைய வேண்டும். செயற்கைக்கோள் அளவீடுகளும் அது குறைந்ததைக் காட்டின. அதுவரை ரிச்சர்ட் லிண்ட்சன் போன்ற சில அறிவியலாளர்கள், உயரக் காற்று வெப்பத்தோடு வறண்டு போகலாம் என்று வாதிட்டு வந்தனர். பிரையன் சோடனும் உடனாய்வாளர்களும் 2002இல் ஒரே கணினி மாதிரியை இருமுறை ஓட்டினார்கள். நீராவிப் பின்னூட்டத்தை நீக்கியபோது குளிர்ச்சி உண்மையில் நடந்ததைவிடக் குறைவாக வந்தது. சேர்த்தபோது அளவீட்டோடு பொருந்தியது.

மேகம் இப்படி எளிதில் பிடிபடவில்லை. அது இரண்டு வேலை செய்கிறது: வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது, தரையின் வெப்பத்தை மறித்துச் சூடாக்குகிறது. எது மிகும் என்பதை அளந்து சொன்னவர்களில் முதன்மையானவர், சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன். 1984இல் ஏவப்பட்ட செயற்கைக்கோளின் தரவுகளை வைத்து அவர் குழு 1989இல் வெளியிட்ட முடிவின்படி, 1985 ஏப்ரலில் மேகங்கள் சதுர மீட்டருக்கு சுமார் 44 வாட் வெயிலைத் திருப்பின. 31 வாட் வெப்பத்தைப் பிடித்துவைத்தன. நிகரம், 13 வாட் குளிர்ச்சி.

இதிலிருந்து, மேகம் வருங்காலத்திலும் நம்மைக் காக்கும் என்று முடிவு கட்டுவது தவறு. பின்னூட்டம் என்பது மேகத்தின் இன்றைய வேலையைப் பற்றியதல்ல, வெப்பம் ஏறும்போது அந்த வேலை எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. உயர்ந்த மேகங்களின் உச்சி, தரை சூடாகும்போது மேலும் உயரே நகர்ந்து, ஏறத்தாழ பழைய குளிரிலேயே நிற்கிறது. அதனால் கீழே சூடு கூடியும் அங்கிருந்து வெளியேறும் கதிர் கூடுவதில்லை. பெரு, கலிபோர்னியா, நமீபியா கரைகளை ஒட்டிய குளிர்ந்த கடல்மேல் விரிந்து கிடக்கும் தாழ்ந்த மேகத் தகடுகளுக்கு வேறு கதை. கடல் சூடாகும்போது மேலுள்ள வறண்ட காற்று அவற்றுக்குள் கலந்து மேகத்தைத் தின்றுவிடுகிறது. மேகம் அகன்ற இடத்தில் கருமையான கடல்பரப்பு வெயிலைக் குடிக்கிறது. எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: தென்பெருங்கடல் மேகங்களில் பனித்துகள் நீர்த்துளியாக மாறினால் அவை இன்னும் வெண்மையாகி அதிக ஒளியைத் திருப்பும்.

கணினி மாதிரிகள் இங்கேதான் தடுமாறின. அவற்றின் ஒரு கட்டம் சுமார் நூறு கிலோமீட்டர் அகலம். மேகத்தை உருவாக்கும் சுழல்களோ சில பத்து மீட்டர். 1979இல் ஜூல் சார்னி தலைமையில் கூடிய குழு, இரட்டிப்புக்கான வெப்ப உயர்வு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. பத்தாண்டு கழித்து ராபர்ட் செஸ் 14 மாதிரிகளை ஒப்பிட்டபோது, மேகமற்ற வானத்தில் அவை ஏறக்குறைய ஒத்துப்போயின; மேகத்தைச் சேர்த்ததும் மூன்று மடங்கு வேறுபட்டன.

மேகத்தின் பங்கு சிறிதானாலும் விளைவு பெரிது என்பதைக் கணக்கிலேயே காணலாம். இரட்டிப்பு தரும் தூண்டுதல் சுமார் 3.9 வாட். வெளியேறும் 3.2 வாட்டிலிருந்து நீராவியின் 1.3ஐயும் பனிப்பரப்பு சுருங்குவதன் 0.35ஐயும் கழித்தால் 1.55 மிஞ்சும், 3.9ஐ அதனால் வகுத்தால் 2.5 டிகிரி. ஐபிசிசி 2021இல் மேகத்துக்குத் தந்த மதிப்பு 0.42 வாட். அதையும் கழித்தால் மிச்சம் 1.13, வெப்ப உயர்வு 3.5 டிகிரியை எட்டும். நீராவியின் பங்கில் மூன்றிலொன்று அளவேயான மேகம் ஏறத்தாழ ஒரு டிகிரியைக் கூட்டுகிறது. ஏனென்றால், முன்னே வந்த பின்னூட்டங்கள் மிச்சத்தை ஏற்கெனவே சுருக்கிவிட்டன. வேறு சான்றுகளையும் சேர்த்துப் பார்த்த அதே அறிக்கை, சிறந்த மதிப்பீடாக 3 டிகிரியையும் சாத்தியமான எல்லையாக 2.5 முதல் 4 வரையையும் வைத்தது.

மேகத்தின் இந்தப் பங்கைச் சரிபார்க்க, அந்த அறிக்கைக்கு முன்பே, 2020 தொடக்கத்தில் பார்படோசுக்குக் கிழக்கே ஒரு பெரிய கள ஆய்வு நடந்தது. விமானங்கள் வட்டமிட்டுக் கருவிகளைக் கீழே போட்டு, வணிகக் காற்றுப் பகுதியின் சிறு குவி மேகங்களுக்குள் எவ்வளவு காற்று ஏறி இறங்குகிறது என்று அளந்தன. 2022இல் வெளியான முடிவின்படி, வறண்ட காற்றுக் கலப்பு அந்த மேகங்களைச் சில மாதிரிகள் காட்டிய அளவுக்கு வற்றச் செய்யவில்லை. இவ்வகை மேகங்கள் வெகுவாகக் குறையும் என்ற அடிப்படையில் மிக அதிக வெப்ப உயர்வைக் காட்டிய மாதிரிகள் அதனால் வலுவிழந்தன.