மருத்துவப்படியும் காப்பீடும் (விருத்தாசலம் பீங்கான் தொழில்)

கடலூர் மாவட்டத்தின் பீங்கான் நகரமான விருத்தாசலத்தில், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சூளைகளில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர்கள். அந்த வரம்பைத் தாண்டிய மேற்பார்வையாளருக்கே நிறுவனம் தரும் மருத்துவப்படி பெரிதாகத் தேவைப்படுகிறது.

மாதாமாதம் ரொக்கமாகத் தரும் படிக்கு முழு வரி உண்டு. மருந்து ரசீது காட்டி 15,000 ரூபாய் வரை பெற்ற வரிவிலக்கு 2018-19 முதல் நீங்கி, நிலைக்கழிவு வந்தது. ஆனால் நிறுவனம் கட்டும் குழுக் காப்பீட்டு பிரீமியம் ஊழியரின் வருமானத்தில் சேராது. ஆகவே, படியாக வாங்குவதைவிடப் பாலிசியாகப் பெறுவதே லாபம்.

ஒரே செலவை இருமுறை கோர முடியாது. 60,000 ரூபாய் பில்லில் காப்பீடு 48,000 கொடுத்தால், மிச்சம் 12,000-ஐ மட்டுமே நிறுவனத்திடம் கேட்கலாம். மூல ரசீதுகள் காப்பீட்டு நிறுவனத்திடம் போய்விடும். சான்றிட்ட நகலும், எந்தத் தொகை ஏன் கழிக்கப்பட்டது என்று காட்டும் தீர்வுக் கடிதமும் இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். மருத்துவமனையை விட்டு வருமுன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.