நேரடிக் காப்புறுதியும் முகவர் காப்புறுதியும்

ஜாசினிலோ தெபோங்கிலோ கார் வைத்திருப்பவர் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, என்சிடி கழித்து 600 ரிங்கிட் பிரீமியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரிடம் எடுத்தால் 8 விழுக்காடு சேவை வரி, 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வை சேர்ந்து 658 ரிங்கிட். நிறுவனத்தின் இணையத்தளத்தில் நேரடியாக எடுத்தால் பொதுவாக 10 விழுக்காடு கழிவு உண்டு. மோட்டார் முகவருக்குரிய கமிஷன் உச்சவரம்பும் அதேதான். அப்போது 593 ரிங்கிட் 20 சென். மிச்சம் 65 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. மோட்டார் சைக்கிளுக்கு இந்த மிச்சம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் வரும். 2017 ஜூலையில் கார்களுக்கான முழுக் காப்புறுதியின் கட்டண நிர்ணயம் தளர்த்தப்பட்ட பிறகு, நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுகிறது. நாலு இடத்தில் விலை கேட்டுப் பார்ப்பதில் கிடைக்கும் லாபம் சில நேரம் இந்தக் கழிவைவிடப் பெரிது.

இணையத்தில் மலிவாக எடுப்பவர் இரண்டு இடங்களில் சறுக்குவார். சந்தையில் 40,000 ரிங்கிட் பெறும் காரை 30,000 என்று போட்டால் பிரீமியம் குறையும். ஆனால் பழுதுபார்ப்புச் செலவு 8,000 ஆனால் நிறுவனம் அதே விகிதத்தில் 6,000தான் கொடுக்கும். மற்றது வெள்ளம். முழுக் காப்புறுதி என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. பொதுவாக வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. நல்ல முகவர் இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். மற்ற முகவர் விலையைக் குறைத்துக் காட்டத் தானே இவற்றை வெட்டிவிடுவார்.

கிளைம் என்று வரும்போது முகவருக்குச் செல்வாக்கு உண்டு என்று நம்புகிறோம். விபத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார், நிறுவனப் பட்டியலில் உள்ள பட்டறை, பாரங்கள் ஆகியவற்றில் அவர் உதவி பெரியது. மலாய் பாரத்தைப் பார்த்து மலைக்கும் தோட்டத்துப் பெரியவருக்கு அந்த உதவியே 65 ரிங்கிட் பெறும். ஆனால் கிளைமை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனம்தான். மெடிக்கல் கார்டு என்றால், மருத்துவமனைக்குப் போகும் உத்தரவாதக் கடிதத்தையும் நிறுவனம்தான் கொடுக்கிறது. முகவர் பின்னால் நின்று தள்ளலாம், அவ்வளவே. பல முகவர்கள் சில ஆண்டுகளில் தொழிலை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தவறாக விற்கும் ஆபத்து உண்மையில் இருப்பது மெடிக்கல் கார்டிலும் ஆயுள் காப்புறுதியிலும்தான். அங்கே கமிஷன் மோட்டாரைவிட மிகப் பெரிது. விற்பவரோ சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர். "என்ன தம்பி, அண்ணன்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால் பாரத்தைப் படிக்கவா தோன்றும்? முதலீட்டோடு சேர்ந்த பாலிசியைச் 'சேமிப்பு' என்று சொல்லி விற்பது, பத்து வருஷம் கட்டினால் போதும் என்பது, இருக்கும் பாலிசியை முடித்துப் புதியது எடுக்கச் சொல்வது மூன்றும் நடக்கின்றன. முதலீட்டுப் பாலிசியில் மருத்துவக் கட்டணம் வயதோடு ஏறி உள்ளிருக்கும் பணத்தைத் தின்னும். பணம் தீர்ந்தால் பாலிசியும் தீரும். புதிய கார்டுக்கு மாறினால் பொதுவாக 30 நாள் காத்திருப்பும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பும் மீண்டும் முதலிலிருந்து ஓடும்.

இன்னும் மோசமானது உடல்நலக் கேள்விகள். கிளினிக் கெசிஹாத்தானில் இனிப்புநீருக்கு மாத்திரை வாங்குபவரிடம், "அதெல்லாம் சின்ன விஷயம், எழுத வேண்டாம்" என்பார் முகவர். கையெழுத்து வாடிக்கையாளருடையது. கிளைம் வந்ததும் நிறுவனம் அந்தக் கிளினிக் பதிவைக் கேட்டு வாங்கும். 2013 நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி, வேண்டுமென்றே மறைத்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்குமோ அதைப் பொறுத்து இழப்பீடு குறையும். இணையத்தில் 'ஆம்', 'இல்லை' என்று நீங்களே தட்டுவதால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஆள் இல்லை. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' தட்டினால் பிழை முழுக்க உங்களுடையது.

என் தீர்ப்பு இது. காருக்கு நேரடியாக எடுங்கள். கார் மதிப்பையும் வெள்ளச் சேர்க்கையையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பணம் நிறுவனத்துக்குப் போக வேண்டும், வாட்சப்பில் வந்த தனியார் கணக்குக்கு அல்ல. மெடிக்கல் கார்டுக்கு முகவர் இருக்கட்டும், ஆனால் உடல்நலப் பாரத்தை நீங்களே நிரப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். கிளைம் மறுக்கப்பட்டால், நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.